v = fλ கணக்குல ஆன்சர் உதைக்குதா? தப்பா வந்த நம்பரே எங்க தப்புன்னு சொல்லிடும்

ஒன்பதாவது பத்தாவது பசங்கள தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வேகம் = அதிர்வெண் × அலைநீளம்னு சொல்லிடுவாங்க, ஆனா கணக்குல கிலோஹெர்ட்ஸும் சென்டிமீட்டரும் ஒண்ணா வந்துச்சுன்னா பாதி கிளாஸ் காலி. பெரம்பூர் பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன், ஒலி சாப்டர் வந்தாலே "அக்கா எனக்கு 34 வருது, புக்ல 340 போட்டிருக்கு, பிரிண்ட் மிஸ்டேக்கா"ன்னு யாராவது நோட்ட தூக்கிட்டு வந்துடுவாங்க. பிரிண்ட் மிஸ்டேக் இல்ல. அந்த 34ங்கற நம்பர பாத்த உடனே நோட்ட தொறக்காமலே என்ன தப்பு பண்ணிருக்காங்கன்னு சொல்லிடலாம், அத எப்படி பாக்கறதுன்னு தான் எழுதறேன். கீழ இருக்கறதுல உங்களுக்கு எது பொருந்துதோ அங்க போய் படிச்சா போதும், ஆனா முதல் கேஸ மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, மத்ததெல்லாம் அத வெச்சு தான் ஓடுது.

கையில ஒரு கணக்கு வெச்சுக்கலாம். ஒரு விசில் சத்தம், அதிர்வெண் 1.7 கிலோஹெர்ட்ஸ், காத்துல அலைநீளம் 20 செ.மீ. வேகம் என்ன? அந்த சத்தம் 0.85 கி.மீ தூரம் போக எவ்ளோ நேரம்? ஒழுங்கா போட்டா இப்படி வரும்:

```
f = 1.7 kHz = 1700 Hz
λ = 20 cm = 0.20 m
v = 1700 × 0.20 = 340 m/s
```

நேரம் அப்பறம் பாக்கலாம். முதல்ல இந்த 340 வராம வேற என்னென்ன வரும்னு பாருங்க.

கேஸ் 1: 3, 4ங்கற டிஜிட் சரியா வருது, சைபரும் பாயிண்ட்டும் தான் இடம் மாறுது

டிஜிட் சரியா இருந்தா நீங்க பெருக்குனது சரி, ஃபார்முலா சரி, யூனிட் மட்டும் தான் காலை வாரிருக்கு. அதுவும் சும்மா வாரல, எந்த யூனிட்ட விட்டீங்கங்கறத பொறுத்து ஒரு குறிப்பிட்ட மடங்குல வாரும். சரியான ஆன்சரோட உங்க ஆன்சர் எத்தன மடங்கு வித்தியாசப்படுதுன்னு பாத்தா ஆள் மாட்டிக்குவான்.

உங்க ஆன்சர் 34,000னு வந்தா அது 100 மடங்கு பெருசு. 100னாலே சென்டி. கிலோஹெர்ட்ஸ ஒழுங்கா 1700 ஆக்கிட்டீங்க, 20 செ.மீ-ய அப்படியே 20ன்னு விட்டுட்டீங்க, 1700 × 20 = 34,000. இதுல வேடிக்கை என்னன்னா இந்த நம்பர் பொய் கிடையாது, ஒரு செகண்டுக்கு 34,000 சென்டிமீட்டர்ங்கறது உண்மையான வேகம் தான், நீங்க பக்கத்துல m/s-னு எழுதுனது தான் பொய்.

0.34 வந்தா அது 1000 மடங்கு சின்னது. 1000னா கிலோ. செ.மீ-ய 0.20 ஆக்கிட்டு 1.7-ஐ அப்படியே விட்டுருக்கீங்க. இதுவும் ஒரு வகைல உண்மை தான், செகண்டுக்கு 0.34 கிலோமீட்டர்.

34 வந்தா, அதாவது 10 மடங்கு சின்னது, இங்க தான் பசங்க முழிப்பாங்க, ஏன்னா கிலோக்கும் சென்டிக்கும் 10ங்கற நம்பருக்கும் என்ன சம்மந்தம்? ரெண்டையுமே மாத்தாம 1.7 × 20-ன்னு பெருக்கிருக்கீங்க. கிலோவ விட்டதுல ஆன்சர் 1000 மடங்கு குறைஞ்சுது, சென்டிய விட்டதுல 100 மடங்கு கூடிச்சு, ரெண்டும் மோதி மிச்சம் 10 மடங்கு குறைவா நின்னுடுச்சு. ஒரு சைபர் தானே விட்டுப்போச்சுன்னு கடைசில ஒரு சைபர ஒட்டி விட்டுட்டு போற பசங்க இருக்காங்க. ஒரு தப்பு மாதிரி தெரியும், ஆனா உள்ள ரெண்டு தப்பு.

இதுல ஒரு விஷயத்த கவனிக்கணும். கணக்குல அலைநீளத்த செ.மீ-ல குடுக்காம 200 மி.மீ-ன்னு குடுத்திருந்தா, எதையுமே மாத்தாம 1.7 × 200 போட்டாலும் 340 வந்துடும். கிலோ 1000 குறைக்குது, மில்லி 1000 கூட்டுது, ரெண்டும் அடிபட்டு போச்சு. அப்படி ஒரு கணக்குல தப்பிச்சவங்க தான் "நான் யூனிட் மாத்தலியே, எனக்கு கரெக்டா வந்துச்சே"ன்னு அடுத்த கணக்குல செ.மீ-யோட வந்து நிப்பாங்க.

கேஸ் 2: வித்தியாசம் நூறு, ஆயிரம் இல்ல, பத்தாயிரம் பத்து லட்சம்னு போகுது

வேகம் 34,00,000ன்னு வந்திருக்கா? இது சரியான ஆன்சர விட 10,000 மடங்கு, அதாவது 100 × 100. யூனிட்ட மாத்த மறக்கல, மாத்திருக்கீங்க, ஆனா தலகீழா மாத்திருக்கீங்க. 20 செ.மீ-ய 100-ஆல வகுக்கறதுக்கு பதிலா பெருக்கி 2000 மீட்டர்னு வெச்சிருக்கீங்க. 2000 மீட்டர்னா ரெண்டு கிலோமீட்டர். ஸ்கேல்ல இருக்கற 20 செ.மீ எப்படிங்க ரெண்டு கிலோமீட்டர் ஆகும்?

அதே மாதிரி 0.00034ன்னு வந்தா 10 லட்சம் மடங்கு சின்னது, 1000 × 1000. கிலோஹெர்ட்ஸ 1000-ஆல பெருக்காம வகுத்து 0.0017 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கீங்க.

எப்ப பெருக்கறது எப்ப வகுக்கறதுன்னு குழப்பமே வரக்கூடாதுன்னா நோட்டு மாத்தறத நினைச்சுக்கோங்க. 500 ரூபா நோட்ட பத்து ரூபாயா மாத்துனா கையில நோட்டு எண்ணிக்கை ஏறும், பத்து ரூபா கட்ட குடுத்து 500 வாங்குனா எண்ணிக்கை இறங்கும், காசு என்னமோ அதே தான். கிலோஹெர்ட்ஸ் பெரிய நோட்டு, ஹெர்ட்ஸ் சில்லறை, அதனால 1.7 ஏறி 1700 ஆகணும். சென்டிமீட்டர் சில்லறை, மீட்டர் பெரிய நோட்டு, 20 இறங்கி 0.20 ஆகணும். மாத்தி எழுதுன உடனே நம்பர் ஏறுச்சா இறங்குச்சான்னு ஒரு தடவ கண்ண ஓட்டுங்க, அது ரெண்டு செகண்ட் வேல.

கேஸ் 3: வேகத்த கண்டுபிடிக்கறப்ப ஓகே, அலைநீளமோ அதிர்வெண்ணோ கேட்டா மடங்கு மாறி வருது

கேஸ் 1-ல சொன்ன மடங்கெல்லாம் பெருக்கலுக்கு. வகுத்தல்ல கீழ போற நம்பர்ல தப்பு இருந்தா திசை திரும்பிடும். அதே விசில், காத்துல வேகம் 340, அதிர்வெண் 1.7 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் கேட்டா நிறைய பேர் 340 / 1.7 = 200ன்னு போட்டு 200 மீட்டர்னு எழுதிடுவாங்க. உண்மை 0.20 மீட்டர். கிலோவ விட்டதால பெருக்கல்ல 1000 மடங்கு குறைஞ்சுது, இங்க அது கீழ உக்காந்திருக்கறதால 1000 மடங்கு கூடிடுச்சு. அந்த 200-உம் சும்மா வந்த நம்பர் இல்ல, 200 மில்லிமீட்டர்.

அதிர்வெண் கேட்டா 340 / 20 = 17 ஹெர்ட்ஸ்னு வரும், சரியானது 1700. செ.மீ கீழ மாத்தாம கிடக்கு, அதனால 100 மடங்கு குறைவு.

சரி, பரீட்சைல சரியான ஆன்சர் பக்கத்துல இருக்காதே, எத வெச்சு மடங்கு பாக்கறதுன்னு கேப்பீங்க. இதுக்கு ஒரு நல்ல வேலி இருக்கு. மனுஷன் காதுக்கு கேக்கறது 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்னு புக்லயே படிக்கறோம். காத்துல 340ன்னு வெச்சு போட்டா 20 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 17 மீட்டர், 20,000 ஹெர்ட்ஸுக்கு 1.7 செ.மீ. அப்போ காதுக்கு கேக்கற எந்த சத்தமா இருந்தாலும் காத்துல அதோட அலைநீளம் 1.7 சென்டிமீட்டருக்கும் 17 மீட்டருக்கும் நடுவுல தான் இருந்தாகணும். விசிலுக்கு 200 மீட்டர் அலைநீளம்னு வந்தா வேலிய தாண்டிடுச்சு, தப்பு. 17 ஹெர்ட்ஸ்னு வந்தா அது 20-க்கு கீழ, அந்த விசில் ஊதுனா யாருக்குமே கேக்காது, தப்பு. கார் ஹாரன் சுமாரா 400 ஹெர்ட்ஸ்னு வெச்சா அலைநீளம் 85 செ.மீ வருது, உள்ள தான் இருக்கு. 

அல்ட்ராசோனிக்னு கேள்வில சொல்லிட்டா மட்டும் இந்த வேலி செல்லாது, அங்க காத்துல அலைநீளம் 1.7 செ.மீ-க்கும் கீழ வரணும், மேல வந்தா தான் தப்பு.

கேஸ் 4: டிஜிட்டே வேற, 34-உம் இல்ல 2-உம் இல்ல

அலைநீளம் கேட்டதுக்கு 5ன்னு வந்துச்சா? 1700 / 340 பண்ணிருக்கீங்க. மேல கீழ மாறிடுச்சு. சரியான ஆன்சர் 0.2, 1-ஐ 0.2-ஆல வகுத்தா 5, அப்போ நீங்க தலகீழ் எண்ண கண்டுபிடிச்சிருக்கீங்க. யூனிட்ட எழுதி பாத்தாலே இது தெரிஞ்சிடும், ஹெர்ட்ஸ்ங்கறது "செகண்டுக்கு இத்தன", அத m/s-ஆல வகுத்தா செகண்ட் அடிபட்டு "மீட்டருக்கு இத்தன"ன்னு மிஞ்சும், நமக்கு வேண்டியது மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளத்துல இந்த அலை 5 தடவ அடங்கும்னு கண்டுபிடிச்சிருக்கீங்க, ஆனா கேள்வி அது இல்ல.

இந்த கேஸ்ல இன்னொரு வில்லன் எழுத்து. நம்ம ஸ்டேட் போர்டு புக்ல அதிர்வெண்ணுக்கு n போட்டு `v = nλ`-ன்னு இருக்கும், சிபிஎஸ்இ புக்ல கிரேக்க எழுத்து ν போட்டு `v = λν`-ன்னு இருக்கும். அந்த ν-வும் வேகத்துக்கு போடற v-யும் பிரிண்ட்லயே ரெட்ட பசங்க மாதிரி இருக்கும், கையெழுத்துல சொல்லவே வேணாம். பாதி கணக்குல வேகத்த எடுத்து அதிர்வெண் இடத்துல போட்டுட்டு போய்டுவாங்க. ரஃப்ல போடறப்பவாவது f-னு எழுதுங்க, ஃபேர் பேப்பர்ல உங்க புக்கு என்ன எழுத்து சொல்லுதோ அத ஒரு வரி விளக்கத்தோட எழுதிக்கலாம்.

கேஸ் 5: வேகம் தப்பா இருக்கு, ஆனா நேரம் மட்டும் சரியா வந்துடுச்சு

இது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸ், ஏன்னா பையன் சண்டைக்கே வருவான். நம்ம விசில் 0.85 கி.மீ போகணும். சரியான வழி இது:

```
s = 0.85 km = 850 m
t = 850 / 340 = 2.5 s
```

பையன் என்ன பண்ணிருக்கான்? 1.7 × 0.20 = 0.34 m/s, அடுத்து 0.85 / 0.34 = 2.5 s. கிலோஹெர்ட்ஸயும் மாத்தல, கிலோமீட்டரயும் மாத்தல. "ஆன்சர் கரெக்ட் தானேக்கா, ஏன் மார்க் குறைச்சீங்க"ன்னு கேக்கறான். அவனோட 0.34 நிஜத்துல செகண்டுக்கு 0.34 கிலோமீட்டர், தூரமும் கிலோமீட்டர், அதனால வகுத்தா செகண்ட் கரெக்டா வருது. ஆனா பேப்பர்ல எழுதிருக்கறது 0.34 m/s, அதாவது செகண்டுக்கு 34 சென்டிமீட்டர், ஒரு சின்ன குழந்தை தவழ்ந்து போனா அந்த விசில் சத்தத்துக்கு ஈடு குடுக்கும். வேகத்துக்கு தனியா மார்க் இருந்தா அது போச்சு. அவன் தெரிஞ்சே "0.34 km/s"-ன்னு எழுதிருந்தா முழு மார்க்கும் குடுத்திருப்பேன், அது தப்பே கிடையாது.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு இருக்கு. வேகம் அழகா 340 போட்டுட்டு கடைசி வரில 0.85 / 340 போட்டு 0.0025 செகண்ட்னு முடிப்பாங்க. முதல் பாதில ஜாக்கிரதையா இருந்துட்டு ரெண்டாவது பாதில கிலோமீட்டர விட்டுடறது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு சத்தம் போக சுமாரா மூணு செகண்ட் ஆகும்ங்கறத மனசுல வெச்சுக்கோங்க, மின்னல பாத்துட்டு இடி கேக்கற வரைக்கும் எண்ணறோமே அந்த கணக்கு தான். 0.85 கி.மீ-க்கு மூணுக்கு கொஞ்சம் கம்மியா வரணும், 0.0025 எல்லாம் வரவே வராது.

அதனால கணக்க படிச்ச உடனே, பெருக்கறதுக்கு முன்னாடி, குடுத்திருக்கற எல்லாத்தையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா ஹெர்ட்ஸ், மீட்டர், செகண்ட்ல மாத்தி எழுதிடுங்க, கடைசி வரில தேவைப்படற கிலோமீட்டர் உட்பட. நடுவுல நடுவுல மாத்திக்கலாம்னு விட்டா ஒண்ணு கண்டிப்பா நழுவும்.

கேஸ் 6: கரெக்டா ரெண்டு மடங்கு, இல்ல கரெக்டா பாதி

2-ங்கற மடங்குக்கு யூனிட் காரணமா இருக்கவே முடியாது, கிலோ, சென்டி, மில்லி எல்லாம் பத்தோட அடுக்கு. இங்க கேள்விய படிச்சதுல தான் பிரச்சனை.

ஒரு முகட்டுக்கும் அடுத்த அகட்டுக்கும் நடுவுல 10 செ.மீ-ன்னு குடுத்திருப்பாங்க, நீங்க அத அலைநீளம்னு எடுத்திருப்பீங்க. முகட்டுல இருந்து அடுத்த முகடு வரைக்கும் தான் அலைநீளம், முகட்டுல இருந்து பக்கத்து அகடு வரைக்கும் அதுல பாதி. ஒலி அலைனா நெருக்கத்துக்கும் பக்கத்து நெகிழ்வுக்கும் நடுவுல இதே கதை தான். அப்போ இங்க அலைநீளம் 20 செ.மீ.

இன்னொன்னு எதிரொலி. காசிமேட்டுல இருந்து போற விசைப்படகுகள்ல மீன் எங்க இருக்கு, தண்ணி எவ்ளோ ஆழம்னு பாக்க எக்கோ சவுண்டர் இருக்கும், அதுல 50 கிலோஹெர்ட்ஸ் வழக்கமா வர்ற ஒரு அதிர்வெண். கடல் தண்ணில அலைநீளம் 3 செ.மீ, எதிரொலி 0.08 செகண்ட்ல திரும்பி வருது, ஆழம் என்னன்னு கேக்கறாங்கன்னு வெச்சுப்போம்.

```
f = 50 kHz = 50000 Hz
λ = 3 cm = 0.03 m
v = 50000 × 0.03 = 1500 m/s
போய் வந்த தூரம் = 1500 × 0.08 = 120 m
ஆழம் = 120 / 2 = 60 m
```

கடைசி வரிய விட்டா 120 மீட்டர், ரெண்டு மடங்கு. இதுலயே யூனிட்டயும் மாத்தாம 50 × 3 = 150ன்னு போட்டவங்களுக்கு ஆழம் 6 மீட்டர்னு வரும், 2-ஆல வகுக்கவும் மறந்தா 12. அந்த 12-ஐ 60-ஓட ஒப்பிட்டா 5 மடங்கு குறைவு. 5ங்கற மடங்கு வந்தா இப்படி பிரிச்சு பாக்கணும், 10 ஒரு பக்கம் குறைச்சுது, 2 இன்னொரு பக்கம் கூட்டிச்சு. கடல் தண்ணில ஒலியோட வேகம் 1500 பக்கத்துல இருக்கும், காத்த விட நாலு மடங்குக்கும் மேல, அதனால இந்த மாதிரி கணக்குல வேகம் 340-ன்னு வந்தாலோ நீங்களா 340 போட்டாலோ உடனே சந்தேகப்படுங்க.

கேஸ் 7: மடங்கு 60, இல்ல 1.2 மாதிரி ஒண்ணுக்கும் ஒத்து வராத நம்பர்

கடல் அலை கணக்குல இது வரும். பெசன்ட் நகர் பீச்ல ரெண்டு நிமிஷத்துல 15 அலை கரைக்கு வருது, முதல் முகட்டுல இருந்து ஆறாவது முகடு வரைக்கும் 200 மீட்டர், வேகம் என்ன?

அதிர்வெண்ணுன்னா ஒரு செகண்டுக்கு எத்தன அலைங்கறது. 15-ஐ 2-ஆல வகுத்து 7.5 ஹெர்ட்ஸ்னு போட்டா அது நிமிஷத்துக்கு 7.5. ரெண்டு நிமிஷம்னா 120 செகண்ட், 15 / 120 = 0.125 ஹெர்ட்ஸ், எட்டு செகண்டுக்கு ஒரு அலை. அடுத்து அலைநீளம். முதல் முகட்டுல இருந்து ஆறாவது வரைக்கும் இடைவெளி எத்தன? விரல விட்டு எண்ணுங்க, அஞ்சு தான். 200 / 5 = 40 மீட்டர். 6-ஆல வகுத்தா 33.3 வரும், அங்க தான் அந்த 1.2 மடங்கு ஒளிஞ்சிருக்கு. வேகம் 0.125 × 40 = 5 m/s. நிமிஷத்த மாத்தாம விட்டிருந்தா 7.5 × 40 = 300 m/s, கடல் அலை கிட்டத்தட்ட சத்தத்தோட வேகத்துல கரைக்கு வந்தா பீச்ல சுண்டல் விக்க ஆள் இருக்க மாட்டாங்க.

கேஸ் 8: கொஞ்சூண்டு தான் வித்தியாசம், 3 சதவீதம் மாதிரி

உங்க கணக்கு சரி. நீங்க 340 எடுத்திருப்பீங்க, கேள்வில 330-ன்னு இருந்திருக்கும், இல்ல ஆன்சர் போட்டவர் 344 எடுத்திருப்பார். காத்துல ஒலியோட வேகம் வெப்பநிலையோட மாறும், 0 டிகிரில 331, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமாரா 0.6 கூடும், நம்ம ஊர் 35 டிகிரி மத்தியானத்துல அது 352 பக்கத்துல நிக்கும். கேள்வில ஒரு வேகம் குடுத்திருந்தா அதத்தான் எடுக்கணும், உங்களுக்கு தெரிஞ்சத இல்ல.

கேஸ் 9: ரேடியோ கணக்குல ஆன்சர் தூசி சைஸ்ல வருது

சென்னை ஏ நிலையம் மீடியம் வேவ்ல 720 கிலோஹெர்ட்ஸ், அலைநீளம் என்னன்னு கேட்டா 340 / 720000 போட்டு 0.00047 மீட்டர்னு எழுதுவாங்க. அர மில்லிமீட்டர். யூனிட் மாத்துனதெல்லாம் பக்கா, ஆனா வேகம் தான் ஆள் மாறிடுச்சு. ரேடியோல நமக்கு பாட்டு கேக்கறதால அது ஒலி அலைன்னு நினைச்சுக்கறாங்க, ஸ்டேஷன்ல இருந்து உங்க வீட்டு செட்டு வரைக்கும் வர்றது மின்காந்த அலை, ஒளியோட வேகத்துல வருது, ஸ்பீக்கர்ல இருந்து உங்க காது வரைக்கும் வர்றது மட்டும் தான் ஒலி.

```
v = 3 × 10^8 m/s
f = 720 kHz = 7.2 × 10^5 Hz
λ = (3 × 10^8) / (7.2 × 10^5) = 416.7 m
```

இங்க கிலோவ மாத்த மறந்தா 4,16,667 மீட்டர், அதாவது சுமாரா 417 கிலோமீட்டருக்கு ஒரு அலை. எஃப்எம்ல யூனிட் மெகாஹெர்ட்ஸ், அத கிலோ மாதிரி நினைச்சு 1000-ஆல மட்டும் பெருக்கிடறவங்களும் உண்டு, மெகான்னா 10 லட்சம். 101.4 மெகாஹெர்ட்ஸுக்கு சரியா போட்டா 2.96 மீட்டர் வரணும், 2960 வந்தா ஒரு 1000 மடங்கு பெருக்கல விட்டுருக்கீங்க.

ரேடியோவுக்கு மட்டும் ஒரு ஷார்ட்கட் வெச்சுக்கலாம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா நேரா மீட்டர்ல அலைநீளம் வந்துடும், 3 × 10^8-ல இருக்கற 10 லட்சமும் மெகாவோட 10 லட்சமும் அடிபட்டு போறதால. 720 கிலோஹெர்ட்ஸ்னா 0.72 மெகா, 300 / 0.72 = 416.7, மேல வந்தது தான். இத ஸ்டெப்பா எழுதாதீங்க, ரஃப்ல சரி பாக்க மட்டும். தாத்தா வீட்டு பழைய ரேடியோ டயல்ல 31 மீட்டர், 41 மீட்டர்னு போட்டிருக்கும் பாருங்க, அது ஷார்ட் வேவ் பேண்டோட அலைநீளம். 300 / 31 போட்டா 9.7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல வரும், டயல்ல அதே இடத்துல பக்கத்து வரில முள்ளு அந்த நம்பர்கிட்ட தான் நிக்கும்.